குக்கரை விற்றது யார்?

2022 ஆகஸ்டில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் அமேசானுக்கு ஓர் உத்தரவு போட்டது. அந்தத் தளத்தில் விற்பனையான 2,265 பிரஷர் குக்கர்கள் அரசின் கட்டாயத் தர விதிக்குப் பொருந்தாதவை. வாங்கியவர்கள் எல்லோருக்கும் தகவல் சொல்ல வேண்டும், குக்கரைத் திரும்பப் பெற்றுக்கொண்டு பணத்தைக் கொடுக்க வேண்டும், கூடவே 1 லட்சம் ரூபாய் அபராதம் கட்ட வேண்டும் என்றது உத்தரவு. அதே மாதம் ஃப்ளிப்கார்ட்டுக்கும் 598 குக்கர்கள் தொடர்பாக இதேபோல் ஓர் உத்தரவு வந்தது. அமேசான் டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனது.

வழக்கு ஒருபுறம் இருக்கட்டும். அந்த உத்தரவில் ஒரு விஷயம் எல்லோரும் கவனிக்க வேண்டியது. குக்கர்களை விற்றது அமேசான் அல்ல; அமேசானில் கடை விரித்திருந்த தனித்தனி விற்பனையாளர்கள். தளத்துக்குக் கிடைத்தது விற்பனைக் கட்டணம் மட்டும். ஆனால் வாங்கியவர்களைக் கேட்டால் பெரும்பாலும் 'அமேசானில் வாங்கினேன்' என்றுதான் சொல்லியிருப்பார்கள். நாம் எல்லோரும் அப்படித்தான் சொல்கிறோம். யாரிடம் வாங்கினோம் என்ற கேள்வி நம் மனதில் எழுவதே, பொருள் பழுதாகி சர்வீஸ் சென்டரில் பில்லை நீட்டும்போதுதான்.

இந்தியாவில் இந்தக் கேள்விக்குத் தனி முக்கியத்துவம் உண்டு. வெளிநாட்டு முதலீடு உள்ள வணிகத் தளம் தானே சரக்கு வாங்கி வைத்து நேரடியாக நுகர்வோருக்கு விற்க நம் நாட்டு விதிகள் இடம் தருவதில்லை. சந்தைக்கு இடம் கொடுக்கலாம், கிடங்கு வாடகைக்குத் தரலாம், பொருளைக் கொண்டுபோய்ச் சேர்க்கலாம்; ஆனால் விற்பவர் வேறொருவராக இருக்க வேண்டும். 2019 பிப்ரவரி 1 முதல் அது இன்னும் இறுகியது: தளமோ அதன் குழும நிறுவனமோ பங்கு வைத்திருக்கும் கம்பெனிகூட அந்தத் தளத்தில் விற்கக் கூடாது. ஆகவே எந்தப் பொருளை எடுத்தாலும் அதற்குப் பின்னால் ஒரு விற்பனையாளர் பெயர் இருந்தே தீரும். சில நேரம் அது பிராண்டு கம்பெனியே. பல நேரம் பிராண்டிடம் மொத்தமாக வாங்கி விற்கும் ஒரு பெரிய வர்த்தக நிறுவனம். அதன் பெயரை நீங்கள் கேள்விப்பட்டிருக்கவே மாட்டீர்கள். இன்னும் பல நேரம், எங்கோ ஓர் ஊரில் சின்னக் கிடங்கு வைத்திருக்கும் வியாபாரி.

ஒரு 5 லிட்டர் குக்கர் வாங்கப்போவதாக வைத்துக்கொண்டு, அமேசானின் பக்கத்தை மேலிருந்து கீழே பொறுமையாகப் படிக்கலாம்.

பொருளின் பெயரை ஒட்டிச் சின்ன எழுத்தில் ஓர் இணைப்பு இருக்கும். சில பொருள்களில் அது Visit the … Store என்று பிராண்டின் பெயரோடு வரும். சிலவற்றில் வெறுமனே Brand: என்று ஆரம்பிக்கும். முதல் வகை, அந்தப் பிராண்டு தன் வணிகச் சின்னத்தைத் தளத்தில் பதிந்து, தனக்கென ஒரு கடைப் பக்கம் அமைத்திருக்கிறது என்பதைக் காட்டும். இரண்டாவது வகையை அழுத்தினால் பெரும்பாலும் அந்தப் பெயரில் தேடிய பட்டியல்தான் திறக்கும். முதல் வகையைப் பார்த்ததும் 'இது அதிகாரபூர்வக் கடை' என்று நிம்மதி அடைகிறோம். அங்கேதான் வழுக்குகிறது. அந்த இணைப்பு பொருள் எந்தப் பிராண்டைச் சேர்ந்தது என்று சொல்கிறதே தவிர, உங்கள் கையில் இருக்கும் பணம் யாருக்குப் போகப்போகிறது என்று சொல்வதில்லை.

அதைச் சொல்வது விலைக்கும் வாங்கும் பொத்தானுக்கும் அருகில் இருக்கும் வேறொரு வரி: Sold by. அதன் பக்கத்திலேயே பெரும்பாலும் Ships from என்றும் இருக்கும். இரண்டும் வேறு வேறு. 'Ships from Amazon' என்றால் பொருள் தளத்தின் கிடங்கிலிருந்து கிளம்புகிறது என்று மட்டும் அர்த்தம். விற்பவர் தன் சரக்கை அங்கே கொண்டுவந்து அடுக்கியிருக்கிறார், பேக்கிங்கும் டெலிவரியும் தளத்தின் பொறுப்பு. சரக்கு அவருக்கு எங்கிருந்து வந்தது என்பதற்கு அந்த வரி பதில் இல்லை. ஃப்ளிப்கார்ட்டில் விற்பவரின் பெயர் Seller என்ற தலைப்பில் இன்னும் கீழே இருக்கும். அங்கே காணும் Assured முத்திரை தரப் பரிசோதனை, டெலிவரி வேகம் பற்றிய தளத்தின் உறுதி. பிராண்டின் அங்கீகாரம் என்று அதைப் படிக்கக் கூடாது.

இந்தத் தளங்களில் ஒரே மாடலுக்குப் பொதுவாக ஒரே பக்கம்தான். பத்துப் பேர் அதே குக்கரை விற்றாலும், பத்துப் பேரும் அந்த ஒரே பக்கத்தின் கீழ் வரிசையில் நிற்கிறார்கள். விலை, கையிருப்பு, டெலிவரி வேகம் போன்றவற்றை எடைபோட்டு அவர்களில் ஒருவரைத் தளத்தின் கணினி முன்னால் நிறுத்துகிறது. பொத்தானை அழுத்தினால் ஆர்டர் அவருக்குப் போகும். மற்றவர்கள் Other sellers என்ற இணைப்புக்குள் இருப்பார்கள். காலையில் முன்னால் நின்றவர் மாலையில் நிற்க வேண்டும் என்றில்லை. உங்கள் பின்கோடை மாற்றினால் ஆள் மாறலாம். 5 லிட்டருக்குப் பதில் 3 லிட்டரைத் தொட்டால், அல்லது வேறு நிறத்தைத் தொட்டால், அந்த அளவுக்கும் நிறத்துக்கும் முன்னால் நிற்பவர் இன்னொருவராக இருக்கலாம். பிராண்டின் சொந்தக் கடைப் பக்கத்துக்குள் நுழைந்து பொருளைத் தேர்ந்தெடுத்தாலும் இதே கதைதான். அதனால் Sold by வரியை ஒருமுறை பார்த்தால் போதாது. பணம் கட்டும் முன் கூடையிலும் ஒருமுறை பார்க்க வேண்டும்.

பெயரைப் பார்த்தாயிற்று. அது பிராண்டின் ஆளா என்று எப்படித் தெரிந்துகொள்வது? விற்பவர் பெயரிலேயே 'அஃபிஷியல்', 'இந்தியா ஸ்டோர்' என்றெல்லாம் ஒட்டிக்கொண்டிருப்பதை ஆதாரமாக எடுக்கக் கூடாது. அது அவர் தனக்கு வைத்துக்கொள்ளும் காட்சிப் பெயர். அந்தப் பெயரை அழுத்தினால் அவருடைய விவரப் பக்கம் திறக்கும். 2020 ஜூலையில் வந்த மின்வணிக நுகர்வோர் பாதுகாப்பு விதிகளின்படி, விற்பவரின் வணிகப் பெயர், முகவரி, வாடிக்கையாளர் சேவை எண், அவருக்குக் கிடைத்த ரேட்டிங் எல்லாவற்றையும் தளம் காட்ட வேண்டும். அங்கே இருக்கும் வணிகப் பெயரை, பிராண்டின் இணையதளத்தில் அடிக்குறிப்பாக இருக்கும் கம்பெனிப் பெயரோடு ஒப்பிடுங்கள். இரண்டும் ஒன்றானால் விற்பது பிராண்டே.

ஒன்றாக இல்லாவிட்டால் உடனே சந்தேகப்பட வேண்டியதில்லை. பிராண்டின் இணையதளத்துக்குப் போய், அங்கே ஆன்லைனில் விற்க அங்கீகாரம் பெற்றவர்களின் பட்டியல் இருக்கிறதா என்று பாருங்கள். சில கம்பெனிகள் பெயர் பெயராகவே போட்டிருக்கின்றன. பட்டியல் இல்லாவிட்டால் கம்பெனியின் சேவை எண்ணில் 'இந்தப் பெயரில் விற்பவர் உங்கள் டீலரா, இவர் பில்லுக்கு வாரன்டி உண்டா' என்று கேட்டுவிடலாம். நான் பெரிதும் நம்புவது இந்த வழியைத்தான். தளத்திலிருந்து பிராண்டை நோக்கிப் போகாமல், பிராண்டிலிருந்து தளத்துக்கு வருவது. பல பிராண்டுகளின் சொந்த இணையதளத்திலேயே அமேசான், ஃப்ளிப்கார்ட் பக்கங்களுக்கு நேரான இணைப்பு இருக்கும். அதில் நுழைந்தாலும் Sold by வரியைப் பார்க்கத் தவற வேண்டாம்.

இங்கே சின்ன வியாபாரிகளுக்காக ஒன்று சொல்ல வேண்டும். பிராண்டின் அங்கீகாரம் இல்லாதவர் என்பதாலேயே ஒருவர் போலி விற்கிறார் என்று ஆகிவிடாது. சட்டப்படி வாங்கிய அசல் பொருளை, அதன் நிலை மாறாதவரை, மறுபடி விற்க நம் வணிகச் சின்னச் சட்டம் இடம் தருகிறது. கடையை மூடும் டீலரிடம் மிச்சச் சரக்கை வாங்கி நியாய விலையில் விற்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் வாங்கும்போது நமக்குக் குறைவது வேறொன்று. அங்கீகாரம் பெற்ற விற்பனையாளரின் பில் இருந்தால்தான் வாரன்டி என்று பிராண்டு எழுதிவைத்திருந்தால், அசல் பொருளுக்கே இலவசப் பழுதுபார்ப்பு கிடைக்காமல் போகலாம். 200 ரூபாய் மிச்சத்துக்கு அது பொருந்துமா என்பது பொருளைப் பொறுத்தது. வடிகட்டிக்குப் பொருந்தும். குக்கருக்கு எனக்குப் பொருந்தாது.

இனி ரேட்டிங்குக்கு வருவோம். விற்பவர் பெயருக்குப் பக்கத்தில் '93% நேர்மறை' என்று பார்த்ததும், நூற்றுக்குத் தொண்ணூற்று மூன்று பேருக்கு நல்ல பொருள் கிடைத்திருக்கிறது என்று மனம் மொழிபெயர்த்துக்கொள்கிறது. அந்த எண் சொல்வது அது இல்லை. அமேசானில் 4, 5 நட்சத்திரம் நேர்மறை, 3 நடுநிலை, 1, 2 எதிர்மறை. விற்பவரைப் பற்றி வாங்கியவர்கள் தனியாகக் கொடுக்கும் மதிப்பீடு அது: நேரத்துக்கு வந்ததா, பேக்கிங் சரியா, கேட்டால் பதில் சொன்னாரா. பொருளைப் பற்றிய ரிவ்யூ வேறு, அது பொருளின் பக்கத்துக்குப் போகிறது. விற்பவர் பக்கத்தில் ஒருவர் முழுக்க முழுக்கப் பொருளைப் பற்றி மட்டும் எழுதியிருந்தால், அந்தக் கருத்தை நீக்கக் கேட்க விற்பவருக்கு வழி இருக்கிறது.

இதோடு முடியவில்லை. பொருள் தளத்தின் கிடங்கிலிருந்து போயிருந்தால், தாமதம், உடைந்த பெட்டி போன்ற புகார்கள் விற்பவர் கணக்கில் ஏறுவதில்லை. அந்தக் கருத்தின் மேல் கோடு போடப்பட்டு, இந்த டெலிவரிக்குப் பொறுப்பு அமேசானுடையது என்று கீழே குறிப்பு வரும். சதவீதத்திலும் அது சேராது. விற்பவருடைய தவறு இல்லாததற்கு அவரைத் தண்டிக்கக் கூடாது என்பது நியாயம்தான். ஆனால் வாங்குபவர் பக்கத்திலிருந்து கணக்குப் பாருங்கள். எல்லாச் சரக்கையும் தளத்தின் கிடங்கில் வைத்து விற்பவருக்கு டெலிவரிப் புகார் கழிந்துவிடுகிறது, பொருள் பற்றிய புகார் வேறு பக்கத்துக்குப் போய்விடுகிறது. மிஞ்சுவதை வைத்துப் போட்ட 97% அவர் அசல் பொருள் விற்கிறார் என்பதற்குச் சாட்சி ஆகாது. விற்பவர் ரேட்டிங் ஒரு நாளும் அதை அளப்பதற்காக உருவாக்கப்படவில்லை.

அப்படியானால் அது உதவவே உதவாதா? உதவும், எண்ணிக்கையும் காலமும் சேர்த்துப் படித்தால். 12 பேர் மட்டும் மதிப்பிட்டு 100% வாங்கியவரையும், 2,000 பேர் மதிப்பிட்டு 91% வாங்கியவரையும் பக்கத்தில் வையுங்கள். பத்தில் ஒருவருக்குக் குறை வைக்கும் வியாபாரி என்றே வைத்துக்கொண்டாலும், தொடர்ந்து 12 பேர் குறையில்லாமல் அமைவதற்கு நூற்றுக்கு 28 வாய்ப்பு இருக்கிறது. அதாவது அந்த 100% தற்செயலாகவே வந்திருக்கலாம். 2,000 பேரின் 91% தற்செயல் அல்ல. அதில் வரும் குறைகளையும் படித்துப் பார்க்க முடியும். நான் இரண்டாமவரிடம் போவேன்.

காலக்கணக்கு இதைவிட அதிகம் பேசும். விற்பவர் பக்கத்தில் கடந்த 30 நாள், 90 நாள், 12 மாதம் என்று தனித்தனியாகப் பார்க்கலாம். மாதிரிக்கு ஓர் எடுத்துக்காட்டு எடுத்துக்கொள்வோம். 12 மாதத்தில் 640 மதிப்பீடு, 93% நேர்மறை. 90 நாளில் 120 மதிப்பீடு, 84%. 30 நாளில் 35 மதிப்பீடு, 60%. பெயருக்குப் பக்கத்தில் நமக்குத் தெரிவது 93 மட்டும். இப்போது கழித்துப் பாருங்கள். 640-இல் நேர்மறை சுமார் 595, 120-இல் 101, 35-இல் 21. முதல் ஒன்பது மாதத்துக்கு மிஞ்சுவது 520-இல் 494, அதாவது 95%. அடுத்த இரண்டு மாதத்துக்கு 85-இல் 80, அதாவது 94%. கடைசி ஒரு மாதம் மட்டும் 60%. மெல்ல மெல்லச் சரிந்த கடை இல்லை இது. ஒரு மாதத்துக்கு முன் ஏதோ உடைந்திருக்கிறது. புதிதாக மட்டமான சரக்கு இறங்கியிருக்கலாம். பண்டிகைக் கூட்டத்தில் பேக்கிங் தடுமாறியிருக்கலாம். நல்ல பெயர் சம்பாதித்த பழைய கணக்கை வேறொருவர் கைப்பற்றி, அந்தப் பெயரை வைத்து மலிவு விலை போட்டுப் பணம் பண்ணுவதும் இந்த உலகத்தில் நடப்பதுதான்.

எது என்று எண் சொல்லாது, எழுத்து சொல்லும். அந்த 30 நாள் கருத்துகளில் 1, 2 நட்சத்திரம் உள்ளவற்றை மட்டும் படியுங்கள். கோடு போட்டவற்றையும் விடாமல் படியுங்கள். 'நாலு நாள் தாமதம்', 'பெட்டி நசுங்கியிருந்தது' என்றால் அது டெலிவரித் தொல்லை. 'சீல் பிரிந்திருந்தது', 'பில்லில் வேறு பெயர்', 'சர்வீஸ் சென்டரில் வாரன்டி இல்லை என்றார்கள்', 'டூப்ளிகேட்' என்ற சொற்கள் இரண்டு மூன்று பேரிடம் திரும்பத் திரும்ப வந்தால், சதவீதம் என்னவாக இருந்தாலும் அந்தக் கடையை விட்டு விலகிவிடலாம்.

பொருளின் பக்கத்தில் உள்ள நட்சத்திரத்துக்கும் ஓர் எல்லை உண்டு. ஒரே பக்கத்தின் கீழ் பத்துப் பேர் விற்கிறார்கள் அல்லவா, அந்தப் பத்துப் பேரிடம் வாங்கியவர்களின் ரிவ்யூவும் அங்கே ஒன்றாகக் கலந்திருக்கிறது. மூன்று வருடத்துக்கு முன் பிராண்டிடமே வாங்கியவர் கொடுத்த 5 நட்சத்திரம், இன்று முன்னால் நிற்கும் முகம் தெரியாத விற்பனையாளருக்கும் நிழல் தருகிறது. Verified Purchase என்ற குறிப்பு, எழுதியவர் அந்தத் தளத்தில் வாங்கினார் என்பதை உறுதிசெய்யும்; யாரிடம் வாங்கினார் என்பதை அல்ல. அந்த நட்சத்திரம் நேரான சராசரியும் இல்லை. ரிவ்யூ எவ்வளவு புதியது, தளத்தில் வாங்கியவர் எழுதியதா என்பதையெல்லாம் கணக்கில் எடுப்பதாக அமேசானே சொல்கிறது.

வெவ்வேறு பொருள்களை ஒரே பொருளின் வகைகள்போலக் கோத்துவிட்டு, பழையதற்கு வந்த ரிவ்யூக்களைப் புதியதற்குக் காட்டும் வித்தையும் உண்டு. வைட்டமின் மாத்திரைகள் விற்கும் பவுண்டிஃபுல் என்ற கம்பெனி அமேசானில் இப்படிச் செய்ததாக அமெரிக்காவின் வர்த்தக ஆணையம் நடவடிக்கை எடுத்து, 2023-இல் 6 லட்சம் டாலர் கட்ட வைத்தது. குக்கர் பக்கத்தில் 'ஜாடி மூடி நன்றாக இருக்கிறது' என்று ரிவ்யூ கண்ணில் பட்டால் காரணம் இதுவாக இருக்கலாம். பழைய ரிவ்யூக்கள் சிலவற்றைத் திறந்து, அவை உங்கள் பொருளைத்தான் பேசுகின்றனவா என்று பார்ப்பதற்கு ஒரு நிமிடம் போதும்.

இவ்வளவும் பார்த்து வாங்கிய குக்கர் வீட்டுக்கு வந்துவிட்டது. ரிட்டர்ன் நாள் முடிவதற்குள், அரிசி போடுவதற்கு முன்னால், மூன்று இடங்களைப் பார்க்க வேண்டும்.

முதலில் உடம்பில் ஐஎஸ்ஐ முத்திரை. 2021 பிப்ரவரி முதல் வீட்டு உபயோக பிரஷர் குக்கருக்கு அது கட்டாயம். தொடக்கத்தில் சொன்ன குக்கர்கள் மாட்டியது இந்த விதியில்தான். முத்திரைக்கு மேலே IS 2347 என்ற தர எண்ணும், கீழே CM/L என்று தொடங்கும் உரிம எண்ணும் இருக்கும். இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் BIS Care செயலியில் அந்த உரிம எண்ணைப் போட்டால், யாருக்குக் கொடுத்த உரிமம், எந்த ஊர்த் தொழிற்சாலை, இன்னும் செல்லுமா என்று காட்டும். வரும் பெயர் பெட்டியில் உள்ள தயாரிப்பாளர் பெயரோடு ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகாவிட்டால் வேறு ஆராய்ச்சி தேவையில்லை, திருப்பி அனுப்பிவிடலாம். ஒத்துப்போனாலும் ஒரு சந்தேகம் மிஞ்சும்: உண்மையான உரிம எண்ணையே அச்சடித்துவிடும் போலிகளும் உண்டு. அப்போது கம்பெனியின் சேவை மையத்தில் வரிசை எண்ணைச் சொல்லிக் கேட்பதே முடிவான சோதனை. முத்திரையில்லாப் பொருள் தளங்களின் கிடங்குவரை வந்துவிடுகிறது என்பதும் கற்பனையில்லை. 2025 மார்ச்சில் தர நிர்ணய அமைவனத்தின் சென்னை அதிகாரிகள் திருவள்ளூர் மாவட்டத்தில் அமேசான், ஃப்ளிப்கார்ட் கிடங்குகளில் சோதனை நடத்தி, உரிய தரச்சான்று இல்லாத ஃபிளாஸ்க், தண்ணீர் பாட்டில் உள்ளிட்ட பொருள்களைப் பறிமுதல் செய்தார்கள்.

இரண்டாவது, பெட்டி. தயாரிப்பாளர் அல்லது இறக்குமதியாளர் பெயர், முகவரி, எம்ஆர்பி, மாதம் வருடம், புகாருக்கான தொடர்பு எண் எல்லாம் அச்சில் இருக்க வேண்டும். அச்சின் மேல் வேறு ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால் மெல்ல உரித்துப் பாருங்கள்.

மூன்றாவது, பில். அதில் விற்பவரின் ஜிஎஸ்டி எண் 15 இலக்கத்தில் இருக்கும். முதல் இரண்டு இலக்கம் மாநிலம். தமிழ்நாடு என்றால் 33, கர்நாடகம் 29. services.gst.gov.in தளத்தில் Search Taxpayer பகுதியில் அந்த எண்ணைக் கொடுத்தால் சட்டப்படியான பெயர், பதிவான தேதி, பதிவு இன்னும் உயிரோடு இருக்கிறதா என்ற விவரம் வரும். 'பத்து வருட அனுபவம்' என்று எழுதியவர் போன மாதம் பதிந்திருந்தாலோ, பதிவு ரத்தாகியிருந்தாலோ அங்கேயே தெரிந்துவிடும். பில்லை ஆர்டர் பக்கத்திலிருந்து இறக்கி வைத்துக்கொள்வது நல்லது. பல விற்பனையாளர்கள் பெட்டிக்குள் காகிதம் வைப்பதில்லை.

பழுதுள்ளதாகவோ போலியாகவோ இருந்தால் விற்பவர் திரும்பப் பெற மறுக்கக் கூடாது என்று 2020 விதிகள் சொல்கின்றன. தளத்தின் குறைதீர் அதிகாரி 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றுக்கொண்டதாகப் பதில் தர வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். 'விற்பவரிடம் பேசிக்கொள்ளுங்கள்' என்று தளம் கைகழுவினால், அதே விதிகளின் கீழ் எழுத்துப்பூர்வமாக ஒரு கோரிக்கை அனுப்புங்கள்: இந்த ஆர்டர் எண்ணுக்கு உரிய விற்பனையாளரின் தலைமை அலுவலக முகவரி, கிளைகள், மின்னஞ்சல், இணையதளம் ஆகிய விவரங்களைத் தரவும் என்று. வாங்கியவர் கேட்டால் தளம் கொடுத்தாக வேண்டும். ஐஎஸ்ஐ முத்திரையின் படம், பெட்டியின் படம், பில், அந்தக் கோரிக்கையின் நகல் எல்லாவற்றையும் எடுத்து வைத்துக்கொண்டு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழையுங்கள், தமிழிலும் பேசலாம்.